தியரி டெஸ்டில் எப்போதும் இரண்டு மார்க்கில் போகிறதா?

"பிரிட்டனில் டிரைவிங் தியரி டெஸ்டில் 50 கேள்விக்கு 43 சரியாக இருக்க வேண்டும். எனக்கு 41, 40, 42 என்றே வருகிறது. ஆப்பில் பயிற்சி செய்தால் 48 வருகிறது. எந்தப் பாடத்தில் பலவீனம் என்றே தெரியவில்லை."

அந்த 48-ஐ நம்பாதீர்கள். அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் விடை மனப்பாடம் ஆகியிருக்கும். வார்த்தையை மாற்றிக் கேட்டால் கை நழுவிவிடும். உங்கள் உண்மையான நிலை 41-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. 43-க்கு உயர்ந்தாலும் போதாது. சராசரி 43 என்றால் ஒருநாள் 45 வரும், இன்னொரு நாள் 41 வரும். புதிய தாள்களில் 46, 47 வர வேண்டும்.

இதுவரை பார்க்காத மாதிரித் தாள் நான்கு எடுங்கள். ஒவ்வொரு விடையையும் குறித்த உடனே, சரியா தவறா என்று பார்ப்பதற்கு முன்பே, பக்கத்தில் 'உறுதி' அல்லது 'ஊகம்' என்று எழுதுங்கள். முக்கியமான வேலை இதுதான். நான்கில் ஒன்று என்ற கணக்கில் குருட்டாம்போக்கில் சரியானவை, மதிப்பெண்ணில் உங்கள் அறிவாகவே தெரியும்.

அப்புறம் பாடவாரியாகப் பிரியுங்கள். உதாரணத்துக்கு 200 கேள்வியில் 36 தவறு என்று வைப்போம். சாலைக் குறியீடுகளில் 40 கேள்விக்கு 8 தவறு. பாதுகாப்பு இடைவெளியில் 16 கேள்விக்கு 7 தவறு. எண்ணிக்கையைப் பார்த்தால் குறியீடுகள்தான் மோசம் என்று தோன்றும், பலரும் அங்கேதான் போய் உட்காருவார்கள். ஆனால் அது ஐந்தில் ஒன்று. இடைவெளியில் கிட்டத்தட்டப் பாதி. அதில் சரியான ஒன்பதில் நான்கு 'ஊகம்' என்றால் நிலைமை இன்னும் மோசம்.

சரி, ஏன் தவறுகிறது? அந்த ஏழு கேள்விகளையும் வரிசையாக வைத்துப் படித்தால் பெரும்பாலும் ஒரே குழப்பம் தென்படும். வண்டி நிற்கும் தூரத்தில் இரண்டு பகுதி உண்டு: ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கும் வரை ஓடும் தூரம், பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம். வேகம் இரட்டித்தால் முதலாவது இரண்டு மடங்காகும், இரண்டாவது நான்கு மடங்காகும். அட்டவணையை உருப்போட்டவருக்கு இது பிடிபடாது. கேள்வி 'மொத்த தூரம்' என்று கேட்க, அவர் பிரேக் தூரத்தைத் தேர்ந்தெடுப்பார். மதுவும் களைப்பும் முதல் பகுதியை நீட்டுகின்றன, ஈரச் சாலையும் தேய்ந்த டயரும் இரண்டாவதை. இந்தப் பிரிவு புரிந்தால் பல கேள்விகள் ஒன்றாகச் சரியாகும்.

'உறுதி' என்று எழுதியும் தவறானவற்றைத் தனியாக வையுங்கள். பாதி தெரியாத விஷயம். மீதி 'கூடாதது எது' என்பதை 'கூடியது எது' என்று வாசித்ததாக இருக்கும். இரண்டாவது வகைக்குப் புத்தகம் உதவாது, விடைகளைப் பார்க்கும் முன் கேள்வியை முழுசாகப் படிப்பதுதான் மருந்து.

பலவீனமான இரண்டு பாடங்களை மட்டும் படித்துவிட்டு, மறுபடி இரண்டு புதிய தாள் எழுதுங்கள். இரண்டிலும் 46-க்கு மேல் வந்து, 'ஊகம்' நான்கைந்துக்குள் இருந்தால் தேதி வாங்கலாம்.