பதவி உயர்வு கிடைக்காத அக்காவுக்கு என்ன எழுதுவது?

கேள்வி: பொதுத்துறை வங்கிக் கிளை ஒன்றில் வேலை செய்கிறேன். பக்கத்து மேசையில் இருக்கும் மூத்த சக ஊழியரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஸ்கேல் 3 பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை, என் பெயர் இருக்கிறது. "கவலைப்படாதீர்கள் அக்கா, எல்லாம் நன்மைக்கே. உங்கள் திறமைக்கு அடுத்த வருடம் கண்டிப்பாகக் கிடைக்கும். என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்ப மனம் வரவில்லை. எப்படி எழுதுவது?

பதில்: அனுப்பாமல் வைத்திருந்தது நல்லது. உங்கள் அன்பில் குறையில்லை, நீங்கள் நின்று பேசும் இடத்தில்தான் சிக்கல். எழுதியதை இப்படிச் சோதித்துப் பாருங்கள்: இதே வாசகங்களை உங்கள் மண்டல மேலாளர் அவருக்கு அனுப்பியிருந்தால் பொருத்தமாக இருக்குமா? இருக்கும். அப்படியென்றால் அது மேலேயிருந்து கீழே பார்த்து எழுதியது. பட்டியல் உங்களை ஒரு படி மேலே ஏற்றியிருக்கும் இந்த நாளில், அந்தத் தொனி அவருக்கு இருமடங்கு உறுத்தும்.

'உங்கள் திறமைக்கு' என்பது பாராட்டுப்போல் தோன்றினாலும், அது நீங்கள் அவருக்குப் போடும் மதிப்பெண். எழுத்துத் தேர்வு, ஆண்டு மதிப்பீடு, நேர்காணல் என்று பலர் மதிப்பிட்டு முடித்த ஒருவருக்கு இன்னொரு மதிப்பீடு தேவையில்லை. 'அடுத்த வருடம் கண்டிப்பாக' என்பது உங்கள் கையில் இல்லாத வாக்குறுதி. காலியிடம் எத்தனை, நேர்காணல் குழுவில் யார் என்பது இன்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. 'நன்மைக்கே' என்பதை அவர் தானாகச் சொல்லிக்கொள்ளலாம், பட்டியலில் பெயர் வந்தவர் சொல்லக் கூடாது.

மதிப்பிடுவதற்குப் பதிலாக, நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். அவரிடமிருந்து நீங்கள் கற்ற ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்து மேசைக்காரர் மட்டுமே சொல்லக்கூடியதாக அது இருக்க வேண்டும். தணிக்கைக்கு முன் நகைக்கடன் பொட்டலங்களை எடைபோட்டுப் பதிவேட்டோடு ஒப்பிடும் வேலையை அவரைப் பார்த்துக் கற்றீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்படி எழுதலாம்:

"அக்கா, பட்டியலைப் பார்த்தேன். உங்கள் பெயர் இல்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து நீங்கள் படித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். நகைக்கடன் பொட்டலங்களைச் சரிபார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான். என் பெயர் வந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதைப் பற்றி இன்று பேச வேண்டியதில்லை. பதில் எழுத வேண்டும் என்றும் இல்லை அக்கா."

உங்கள் பெயரைப் பற்றிய வரியை நீக்கிவிடத் தோன்றும். நீக்காதீர்கள். அவருக்குத் தெரிந்ததை மறைத்துப் பேசினால், அவரால் தாங்க முடியாது என்று நீங்கள் முடிவு செய்துவிட்டதுபோல் ஆகும். மன்னிப்பும் கேட்காதீர்கள். கேட்டால், அந்த நேரத்தில் அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும். கடைசி வரியும் முக்கியம். நீல நிற டிக் விழுந்துவிட்டால் ஏதாவது பதில் போட்டாக வேண்டும் என்ற நெருக்கடி வரும், அந்த வரி அதிலிருந்து அவரை விடுவிக்கிறது.

பட்டியல் வந்த அன்று மாலையே, தனிச் செய்தியாக அனுப்புங்கள். கிளையின் வாட்ஸ்அப் குழுவில் வேண்டவே வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்து வந்தால், எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்துவிடும்.

"பரவாயில்லை தம்பி, வாழ்த்துகள்" என்று பதில் வந்தால் "நன்றி அக்கா" என்பதோடு நிறுத்திவிடுங்கள். "நேர்காணலில் வேண்டுமென்றே மார்க்கைக் குறைத்துவிட்டார்கள்" என்று வந்தால்தான் கவனம் தேவை. ஆமாம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் வாதாடாதீர்கள். அவர் நிர்வாகத்துக்கு முறையீடு அனுப்பக்கூடும், அப்போது நீங்கள் அவசரத்தில் எழுதிய ஒரு வரி ஸ்கிரீன்ஷாட்டாக எங்கெங்கோ போகும். "இதை நேரில் பேசலாம் அக்கா, நாளை டீ நேரத்தில் வருகிறேன்" என்று எழுதிவிட்டு, சொன்னபடி போங்கள். போனதும் அவர் சொல்வதைக் கேளுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள்.

பதவி உயர்வோடு பெரும்பாலும் இடமாற்றமும் வரும், கிளையில் பிரிவு உபசாரம் நடக்கும். அங்கே மைக்கைப் பிடித்து, "அக்காவுக்கும் சீக்கிரம் கிடைக்க வேண்டும்" என்று சொல்லிவிடாதீர்கள். அத்தனை பேருக்கு முன்னால் அவர் சிரித்துச் சமாளிக்க வேண்டியிருக்கும். அவரைப் பற்றிப் பேசத்தான் வேண்டுமென்றால் நகைக்கடன் பொட்டலங்களைப் பற்றிப் பேசுங்கள்.