கோடும் வளைவரையும்: காணாமல் போன மூலம் எங்கே?

"சார், y = (x² + 3)/(x − 1) என்ற வளைவரையை ஒரு நேர்க்கோடு எங்கே வெட்டும் என்று கணக்குப் போட்டால் இருபடிச் சமன்பாடு வருகிறது. ஆனால் y = x + 3 என்று வைத்தால் x² அடிபட்டுப் போய் ஒரே ஒரு விடைதான் மிஞ்சுகிறது. இன்னொரு மூலம் எங்கே போனது? அதோடு, வந்த விடைகளில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பதும் குழப்பமாக இருக்கிறது." – பிளஸ் ஒன் மாணவி

ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியாகப் போட்டுக்கொண்டிருந்தால் இது பிடிபடாது. கோட்டை y = mx + c என்று பொதுவாகவே வைத்துக்கொள்வோம். சந்திக்கும் இடத்தில் இரண்டின் y மதிப்பும் ஒன்று. பகுதியால் பெருக்கினால்:

x² + 3 = (mx + c)(x − 1)

எல்லாவற்றையும் இடப்பக்கம் கொண்டுவந்து அடுக்கினால்:

(1 − m)x² + (m − c)x + (c + 3) = 0

இடப்பக்கத்தில் இருக்கும் கோவைக்கு g(x) என்று பெயர் வைப்போம். வளைவரையின் உயரத்திலிருந்து கோட்டின் உயரத்தைக் கழித்தால் கிடைப்பது g(x)/(x − 1). இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

சூத்திரத்தில் போட்டு மூலம் காண்பதற்கு முன்னால் ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். g(x)-இல் x = 1 என்று பிரதியிடுங்கள். (1 − m) + (m − c) + (c + 3), அதாவது 4. m, c இரண்டும் அடிபட்டுவிட்டன! எந்தக் கோட்டை எடுத்தாலும் g(1) = 4 தான். காரணம் எளிது. x = 1 என்றால் (mx + c)(x − 1) பூச்சியமாகிவிடும், மிஞ்சுவது தொகுதியின் மதிப்பு மட்டும்: 1 + 3 = 4.

இந்த 4-ஐ வைத்தே உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். m ≠ 1 என்று வைத்துக்கொள்வோம். மூலங்கள் α, β என்றால் g(x) = (1 − m)(x − α)(x − β). இதில் x = 1 போட்டால்:

(α − 1)(β − 1) = 4/(1 − m)

α − 1 என்பது x = 1 என்ற நிலைக்குத்துத் தொலைத்தொடுகோட்டிலிருந்து முதல் சந்திப்பு எவ்வளவு வலப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பது. இடப்பக்கம் இருந்தால் அது குறை எண். β − 1-உம் அப்படியே. ஆக, இந்த இரண்டு தூரங்களின் பெருக்கல் பலனை m மட்டுமே தீர்மானிக்கிறது, c-க்கு அதில் பங்கே இல்லை.

சாய்வு 1-ஐவிடப் பெரிது என்றால் இந்தப் பெருக்கல் பலன் குறை எண். ஒரு சந்திப்பு தொலைத்தொடுகோட்டுக்கு இடப்பக்கம், இன்னொன்று வலப்பக்கம் என்று அர்த்தம். கோட்டை மேலே தூக்கினாலும் கீழே இறக்கினாலும் வளைவரையின் இரண்டு கிளைகளையும் ஒவ்வொரு முறை வெட்டியே தீரும். m = 2 என்று சோதித்துப் பாருங்கள், தன்மைக்காட்டி c² + 16 என்று வரும். அது ஒருபோதும் பூச்சியமாகாது, குறை எண்ணும் ஆகாது. சாய்வு 1-ஐவிடச் சிறிது என்றால் பெருக்கல் பலன் மிகை எண். மெய் மூலங்கள் இருந்தால் இரண்டும் ஒரே கிளையில்தான் இருக்கும். இல்லாமலும் போகலாம்.

இப்போது m-ஐ 1-க்கு அருகில் கொண்டுபோவோம். c = 3 என்று வைத்துக்கொண்டு m = 0.99 போடுங்கள். 100-ஆல் பெருக்கிச் சீர்செய்தால் x² − 201x + 600 = 0. மூலங்கள் ஏறத்தாழ 3.03, 197.97. அடுத்து m = 1.01. சமன்பாடு x² + 199x − 600 = 0, மூலங்கள் ஏறத்தாழ 2.97, −201.97. ஒரு மூலம் 3-ஐ விட்டு அசையவில்லை. மற்றது வலக்கோடியில் 198-க்குப் பக்கத்தில் இருந்தது, சாய்வு 1-ஐத் தாண்டியதும் இடக்கோடியில் −202-க்குப் போய்விட்டது. 0.999 போட்டால் இன்னும் பத்து மடங்கு தள்ளிப் போகும். சரியாக m = 1 ஆகும்போது 4/(1 − m)-க்கு மதிப்பே இல்லை, அந்த மூலத்துக்கும் நிற்க இடமில்லை. நீங்கள் தேடிய மூலம் முடிவிலிக்குப் போய்விட்டது. x² அடிபட்டது உங்கள் கணக்கில் வந்த பிழை அல்ல, இதன் அடையாளம்.

ஏன் குறிப்பாக 1? தொகுதியைப் பகுதியால் வகுத்துப் பாருங்கள்:

(x² + 3)/(x − 1) = x + 1 + 4/(x − 1)

வளைவரையின் சாய்ந்த தொலைத்தொடுகோடு y = x + 1. அதன் சாய்வு 1. உங்கள் கோடு y = x + 3 அதற்கு இணையாகப் போவதால், தொலைவில் வளைவரையை எட்டிப் பிடிக்க அதற்கு வழியில்லை. இப்படி எழுதிக்கொண்டால் கணக்கே ஒரு வரிதான்: x + 1 + 4/(x − 1) = x + 3, எனவே 4/(x − 1) = 2, x = 3. வெட்டும் புள்ளி (3, 6). இணையான கோடு என்று தெரிந்தால் நான் குறுக்கே பெருக்கவே மாட்டேன், வகுத்துவிட்டுத்தான் தொடங்குவேன். c = 1 என்று வைத்தால் கோடே தொலைத்தொடுகோடு ஆகிவிடும். அப்போது சமன்பாடு 4 = 0 என்று வந்து நிற்கும், அதாவது சந்திப்பே கிடையாது.

அடுத்து, சாய்வு 1-க்குக் கீழே இருக்கும் கோடுகள். இவற்றில் மிக எளியது கிடைக்கோடு, y = k. m = 0, c = k போட்டால் x² − kx + (k + 3) = 0. தன்மைக்காட்டி k² − 4k − 12, அதாவது (k − 6)(k + 2). k-இன் மதிப்பு −2-க்கும் 6-க்கும் நடுவே இருந்தால் அது குறை எண், கோடு வளைவரையைத் தொடாமலே போய்விடும். y = 0, y = 5 போன்ற கோடுகளை வரைந்து பார்த்தால் இரண்டு கிளைகளுக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தில் போவது தெரியும். இதிலிருந்தே சார்பின் வீச்சகம் வந்துவிடுகிறது: −2-உம் அதற்குக் கீழும், 6-உம் அதற்கு மேலும். வகையிடலே தேவைப்படவில்லை.

k = 6 ஆகும்போது சமன்பாடு (x − 3)² = 0. இரட்டை மூலம் வந்தால் 'கோடு தொடுகிறது' என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஏன் என்று முன்னே சொன்ன வித்தியாசத்தை வைத்துப் பார்க்கலாம். உயர வித்தியாசம் (x − 3)²/(x − 1). x = 3-க்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் இது மிகை எண்தான். வளைவரை மேலிருந்து இறங்கி வந்து, கோட்டைத் தொட்டுவிட்டு, மேலேயே திரும்பிப் போகிறது. ஒற்றை மூலம் என்றால் அந்த இடத்தில் குறி மாறும், வளைவரை கோட்டைக் கடந்து மறுபக்கம் போகும். k = −2-இல் அதேபோல் (−1, −2) புள்ளியில் இடக்கிளை கோட்டைக் கீழிருந்து தொடுகிறது. இடஞ்சார்ந்த பெருமம் −2, சிறுமம் 6 என்று சிறுமம் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பலர் விடையை அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டாம். இரண்டும் வெவ்வேறு கிளைகளில் இருப்பவை.

அப்புறம், எதைத் தள்ளுவது என்ற கேள்வி. g(1) = 4 என்று பார்த்தோம் அல்லவா? x = 1 எந்தக் கோட்டுக்கும் மூலமாக வராது. ஆகவே இந்தக் கணக்கில் வருகிற ஒவ்வொரு மெய் மூலமும் உண்மையான சந்திப்புதான், தள்ள எதுவுமே இல்லை. பொதுவாகவும் இப்படித்தான். பகுதியைப் பூச்சியமாக்கும் எண்ணைப் பிரதியிட்டால் கோடு இருக்கும் உறுப்பு மறைந்து தொகுதி மட்டும் நிற்கும். தொகுதியும் அங்கே பூச்சியமானால்தான் பொய் மூலம் நுழைய முடியும், அதாவது தொகுதிக்கும் பகுதிக்கும் பொதுக்காரணி இருக்க வேண்டும்.

தேர்வில் அப்படி ஒன்றைக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

y = (x³ − 2x² + 3x − 6)/(x² − 3x + 2)

இதை y = 3x + 1 என்ற கோடு எங்கே சந்திக்கிறது? குறுக்கே பெருக்கிச் சுருக்கினால் x³ − 3x² + 4 = 0 வரும். காரணிப்படுத்தினால் (x − 2)²(x + 1) = 0. இரட்டை மூலத்தைப் பார்த்ததும் 'x = 2-இல் தொடுகிறது, x = −1-இல் வெட்டுகிறது' என்று எழுதக் கை துறுதுறுக்கும். பாதி தப்பு.

தொகுதி (x² + 3)(x − 2), பகுதி (x − 1)(x − 2). நம் பழைய வளைவரையேதான், ஆனால் x = 2-இல் சார்புக்கு மதிப்பு இல்லை, (2, 7) என்ற இடத்தில் ஒரு துளை. எந்தக் கோட்டை எடுத்தாலும் குறுக்கே பெருக்கியதும் x − 2 ஒரு தடவை வந்து ஒட்டிக்கொள்ளும். y = 3x + 1 அந்தத் துளை வழியாகவே போகிறது, அதனால் இரண்டாவது தடவையும் வந்துவிட்டது. ஒன்று பெருக்கியதால் வந்தது, மற்றது துளையால் வந்தது, இரண்டும் செல்லாது. உண்மையான சந்திப்பு (−1, −2) ஒன்றுதான். பழைய வளைவரைக்கும் இந்தக் கோட்டுக்கும் x = 2-இல் தொடுகை கிடையாது, அங்கே இரண்டும் குறுக்கே வெட்டிக்கொள்ளும். சாய்வு 3 என்பதால் கிளைக்கு ஒரு வெட்டு என்று முன்பே தெரியும். (2 − 1)(−1 − 1) = −2, 4/(1 − 3)-உம் −2.

வரைபடச் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். ஒரே ஒரு புள்ளி அளவுத் துளை திரையில் பெரும்பாலும் தெரியாது, x = 2-இல் கோடு வளைவரையை வெட்டுவது போலவே காட்டும். முதலில் தொகுதியையும் பகுதியையும் காரணிப்படுத்தி, பொதுக்காரணி இருந்தால் விலக்க வேண்டிய x-ஐ ஓரத்தில் எழுதிவிட்டுச் சுருக்குங்கள். சுருக்கிய வடிவத்தை வைத்துச் சமன்பாட்டை அமையுங்கள். இந்தக் கணக்கு அப்போது x² − x − 2 = 0 என்று சிறியதாகிவிடும், ஓரத்தில் எழுதிய 2-ஐ மட்டும் அடித்தால் போதும்.