நேர்காணல் வீடியோவுக்கு நான் எழுதித் தரும் கேள்விகள், படம்பிடித்த பிறகு பார்த்தால் வாய்மொழித் தேர்வு போல இருக்கின்றன. உரையாடல் போல ஓட எப்படி எழுதுவது?

உங்கள் தாளில் பதினைந்து, இருபது கேள்விகள் வரிசை எண்ணோடு இருக்கும் என்று நினைக்கிறேன். அதே தாளை விருந்தினருக்கும் முன்கூட்டியே அனுப்பியிருப்பீர்கள். நெறியாளர் ஒன்றைக் கேட்கிறார், விருந்தினர் தயாரித்து வந்ததைச் சொல்கிறார், நெறியாளர் "அருமை" என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போகிறார். அவர்கள் இருவரையும் குறை சொல்வதற்கில்லை. தாளில் இருப்பது அதுதான்.

பல ஆண்டுகளாக நேர்காணல்களுக்குக் கேள்வி எழுதித் தருவது என் வேலை. "உரையாடலை எதற்கு எழுத வேண்டும், நல்ல நெறியாளர் தானாகப் பேசிவிடுவாரே" என்று இந்தப் பதிலின் கீழே யாராவது கேட்பார்கள். அப்படிப் பேசக்கூடியவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கேமரா, விளக்கு, நேரம் எல்லாவற்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு எதிரில் இருப்பவர் சொல்வதையும் கேட்டு, அதிலிருந்து அடுத்த கேள்வியை அந்த நொடியிலேயே உருவாக்குவது பெரும்பாலானவர்களுக்கு முடியாத காரியம். அந்தச் சுமையில் பாதியைத் தாள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்த்த ஒரு செவிலியரின் நேர்காணலுக்கு எழுதியதைச் சொல்கிறேன். தயாரிப்பாளர் தந்த வரைவில் முதல் கேள்வி இது: "இந்தப் பணியில் நீங்கள் சந்தித்த சவால்கள் என்ன, அவற்றிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?" இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இப்படிக் கேட்டால் எளிதான ஒன்றுக்குத்தான் பதில் வரும். அதைவிடப் பெரிய கோளாறு, ‘சவால்கள்’ என்று கேட்கும்போது நாம் கேட்பது ஒரு சுருக்கத்தை. சுருக்கம் கேட்டால் மேடைப் பேச்சுதான் கிடைக்கும்: "சவால்கள் நிறைய, குழுவாகச் சேர்ந்து சமாளித்தோம்." அதன் பிறகு நெறியாளருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

அதற்குப் பதிலாக நான் எழுதியது: "இரவுப் பணிக்குள் நுழைந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" இதற்குப் பொதுவாகப் பதில் சொல்ல முடியாது. அவர் மனத்தளவில் அந்த அறைக்குள் நுழைந்தே ஆக வேண்டும். கேள்விக்குக் கீழே, வரக்கூடிய பதில்களையும் ஒவ்வொன்றிலிருந்தும் எங்கே திரும்பலாம் என்பதையும் எழுதினேன். நோயாளிகளைப் பற்றிச் சொன்னால்: "யாரிடம் முதலில் போவீர்கள், ஏன்?" கருவிகளைப் பற்றிச் சொன்னால்: "ஏதாவது ஒன்று இல்லாமல் போன இரவு உண்டா?" பொதுவாகப் பேசத் தொடங்கினால்: "கடைசியாக அப்படி நடந்தது எப்போது?" படப்பிடிப்பில் அவர் சொன்னது, "சத்தம் போடாமல் படுத்திருப்பவரைத்தான் முதலில் பார்ப்பேன்" என்று. கத்துகிறவருக்குக் கத்துவதற்காவது மூச்சு இருக்கிறது, அமைதியாக இருப்பவர்தான் ஆபத்தில் இருக்கக்கூடும் என்றார். நெறியாளர் தாளைப் பார்க்காமலே "அப்படி ஒருவரை நினைவிருக்கிறதா?" என்று கேட்டார். அடுத்த ஏழெட்டு நிமிடம் அதிலேயே ஓடியது.

ஆக, கேள்விகளை எண்ணிக்கையாக எழுதாதீர்கள். ஒரு பேச்சுப்பொருள், அதற்கு ஒரு தொடக்கக் கேள்வி, இரண்டு மூன்று திருப்பங்கள். இது ஒரு தொகுதி. இருபது நிமிட வீடியோவுக்கு இப்படி ஐந்தாறு தொகுதிகள் போதும். பிந்தைய தொகுதிகளில் "நீங்கள் முன்பு ______ என்று சொன்னீர்களே" என்று ஒரு கோடிட்ட இடம் விட்டுவைப்பேன். பேச்சின் நடுவே விருந்தினரின் சொல் ஒன்றை நெறியாளர் அதில் குறித்துக்கொள்வார். பிறகு அந்தச் சொல்லோடு கேள்வி வரும்போது, நாம் சொன்னதை இவர் கேட்டிருக்கிறார் என்று விருந்தினருக்குத் தெரிகிறது. தொடர்பே இல்லாத பொருளுக்குப் போக வேண்டுமானால் "வேறொன்று கேட்கிறேன்" என்று நேராகவே சொல்லட்டும். செயற்கையாகக் கட்டிய பாலத்தைப் பார்வையாளர் உடனே கண்டுகொள்வார்.

கேள்விக்குள் கனமான சொற்களை ஏற்றாதீர்கள். நேர்காணல் கலையைப் பயிற்சியாகவே கற்றுக்கொடுத்த கனடாப் பத்திரிகையாளர் ஜான் சவாட்ஸ்கி வலியுறுத்தியது இதைத்தான். "உயிரைப் பணயம் வைத்துப் பணியாற்றினீர்களே" என்று தொடங்கினால், விருந்தினர் கேள்வியை விட்டுவிட்டு "அப்படியெல்லாம் இல்லை, கடமையைச் செய்தேன்" என்று அந்தச் சொற்களோடுதான் போராடுவார்.

தாளில் கேள்விகளுக்கு நடுவே ‘காத்திருக்கவும்’ என்றும் எழுதுங்கள். 2009-இல் பத்து மொழிகளை ஒப்பிட்டு வெளிவந்த ஓர் ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான இடைவெளி சராசரியாக 0.2 விநாடி அளவில்தான் இருந்தது. அவ்வளவு விரைவாகப் பேச்சைக் கைமாற்றிப் பழகியவர்களுக்கு மூன்று விநாடி மௌனம் மிக நீளமானது. விருந்தினர் அதை நிரப்ப முற்படுவார். தயாரித்து வந்தது தீர்ந்த பிறகு வருவது அந்தப் பேச்சு. தேவையில்லாத மௌனத்தை எடிட்டிங்கில் வெட்டிவிடலாம்.

விருந்தினருக்கு அனுப்பும் பக்கம் வேறு. அதில் கேள்வியே இருக்கக் கூடாது, நினைவைத் தூண்டும் வரிகள் மட்டும் இருக்க வேண்டும். செவிலியருக்கு அனுப்பியது: "இரவுப் பணியின் முதல் பத்து நிமிடம். புதிதாகச் சேர்ந்தபோது உங்களுக்குச் சொல்லித்தந்த ஒருவர். வீடு திரும்பிய பிறகும் மனத்தை விட்டுப் போகாத ஒரு நாள். எதையும் எழுதிவைக்க வேண்டாம். அங்கே யார் இருந்தார்கள், என்ன கேட்டது என்று நினைத்துப் பார்த்தால் போதும். நோயாளிகளின் பெயரோ அடையாளமோ வேண்டாம். பேச விரும்பாதது எதுவாக இருந்தாலும் முன்பே சொல்லுங்கள்." கேள்விகளை அனுப்பியே ஆக வேண்டும் என்று அவரது நிறுவனம் கேட்டால், தொடக்கக் கேள்விகளை மட்டும் தந்து, துணைக் கேள்விகள் அங்கேயே எழும் என்று தெளிவாகச் சொல்லிவிடுவேன். "முதலாவதாக, இரண்டாவதாக" என்று பதில் வந்தால் மனப்பாடம் என்று அர்த்தம். அப்போது "அந்த இடத்தில் நீங்கள் எங்கே நின்றிருந்தீர்கள்?" என்பது போன்ற சிறிய கேள்வி அதைக் கலைத்துவிடும்.

முன்னோட்டமாகத் தொலைபேசியில் பேசும்போது நல்ல கதை ஒன்று தொடங்கினால், "இதை அப்படியே வைத்திருங்கள், படப்பிடிப்பில் கேட்கிறேன்" என்று நிறுத்திவிடுங்கள். முழுதாகச் சொன்ன கதை இரண்டாம் முறை சுருங்கித்தான் வரும், "அன்றே சொன்னேனே" என்ற முன்னுரையோடு.

பதில் சொல்லாமல் நழுவப் பயிற்சி பெற்று வரும் அரசியல்வாதிகளுக்கு இந்த முறை அவ்வளவாக உதவாது, அவர்களுக்கு ஆவணங்களோடு கேட்கும் முறைதான் வேண்டும். நெறியாளரின் குரலையே வெட்டிவிடும் வீடியோக்களுக்கும் வேறு ஏற்பாடு தேவை: கேள்வியிலுள்ள பொருளைச் சேர்த்து முழு வாக்கியமாகப் பதில் சொல்லும்படி விருந்தினரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பல நாள் ஆதங்கம். அந்தச் செவிலியர் ஓரிடத்தில் குரல் உடைந்து நிறுத்தினார். முன்னும் பின்னும் நீக்கி, அந்தச் சில விநாடிகளை மட்டும் வீடியோவின் தொடக்கத்தில் தூண்டிலாக வைத்தார்கள், சோக இசையோடு. சொல்லிக்கொண்டு வந்த கதையின் நடுவே அந்த நிறுத்தத்துக்கு ஒரு பொருள் இருந்தது, தனியே எடுத்து வைத்ததும் அவர் வெறுமனே அழுகிறவராகிவிட்டார். சக ஊழியர்களுக்கு அந்த இணைப்பை அனுப்பவே மனம் வரவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு விருந்தினர் பக்கத்தின் கடைசி வரியாக, "முன்னோட்டத்தில் எந்தப் பகுதி வரும் என்பதை வெளியிடும் முன் உங்களுக்குக் காட்டுவோம்" என்று சேர்க்கிறேன். அதற்கு ஒப்புக்கொள்ளாத தயாரிப்பாளருக்கு எழுதித் தருவதில்லை.