நெற்றி ஓரப் பூனைமுடி: எதை எடுக்கலாம், எதை விட்டுவிட வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 29. குழந்தை பிறந்து எட்டு மாதம் ஆகிறது. நெற்றி ஓரம், நெற்றிப்பொட்டு, பின்கழுத்து எல்லா இடத்திலும் பொடிப்பொடியாக முடி. ஒரு கல்யாணத்துக்காகப் பார்லரில் திரெட்டிங் செய்துகொண்டேன். மறுநாளே சின்னச் சின்னக் கொப்புளம் வந்து, இப்போது கருப்புப் புள்ளியாக நிற்கிறது. மறுபடி செய்யலாமா? முடி இன்னும் தடிமனாக வளருமா டாக்டர்?

பதில்: தடிமனாக வளராது. முடியின் பருமனை முடிவு செய்வது தோலுக்குள் இருக்கும் வேர்ப்பை. நூலால் பிடுங்குவதால் அது பருப்பதில்லை. ஆனால் மறுபடி போய் உட்காருவதற்கு முன், அங்கே இருப்பது எந்த முடி என்று பார்த்துவிடுங்கள். உங்களுக்கு இரண்டு வகை கலந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

பிரசவமான 2 முதல் 4 மாதத்தில் பலருக்கும் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். கொட்டிய இடத்தில் புதிதாக முளைப்பதுதான் நெற்றி ஓரத்திலும் நெற்றிப்பொட்டிலும் குட்டையாக, படியாமல் நட்டுக்கொண்டு நிற்கும். பார்க்கப் பூனைமுடி மாதிரி இருந்தாலும் அது தலைமுடி. அதைப் பிடுங்கினால் திரும்பி வந்துகொண்டிருக்கும் முடியை நீங்களே எடுத்துவிடுகிறீர்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிடுங்கினால் வேர்ப்பை ஓய்ந்துபோய், நெற்றி மேலே ஏறியது போல நிரந்தரமாகிவிடலாம். முடியை இறுக்கி இழுத்துக் கட்டும் பழக்கமும் சேர்ந்தால் நெற்றிப்பொட்டுதான் முதலில் காலியாகும்.

பிரித்தறிவது எளிது. பகல் வெளிச்சத்தில் ஹேர்பேண்ட் போட்டு முடியைப் பின்னுக்குத் தள்ளி, அருகில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் இன்னொன்று எடுங்கள். தலைமுடி கருமையாக இருக்கும், ஏறக்குறைய 1 செ.மீ. நீண்டிருக்கும். பூனைமுடி மங்கலாக, பஞ்சு போல, அதே நீளத்தில் இருக்கும். எடுக்க வேண்டியது அதை மட்டும்தான். பார்லரில் சொல்லி, தலைமுடி தொடங்கும் இடத்துக்கு அரை செ.மீ. கீழே ஐப்ரோ பென்சிலால் கோடு போட்டு, கோட்டுக்கு மேலே நூல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குட்டை முடியை இப்போதைக்குத் துளி கற்றாழை ஜெல்லால் படிய வைத்தால் போதும். சில மாதத்தில் மற்ற முடியோடு சேர்ந்துவிடும்.

கொப்புளம் வந்ததற்குக் காரணம், பிடுங்கியதும் திறந்திருக்கும் வேர்ப்பைக்குள் எண்ணெய், வியர்வை, கிருமி போய்ச் சேர்வது. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்யும் இடங்களில் இது இன்னும் எளிதில் நடக்கும். புது நூலை எடுத்து, முனையைக் கையிலோ கழுத்திலோ மாட்டிச் செய்யச் சொல்லுங்கள். போவதற்கு முன் முகத்தைச் சோப்பு போட்டுக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். நெற்றித் தோலை உங்கள் இரு கையாலும் மேலும் கீழுமாக இழுத்துப் பிடியுங்கள். தோல் தளர்ந்திருந்தால் நூல் தோலையே கவ்விக் கிழிக்கும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் ஓட்ட வேண்டாம். முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸை 5 நிமிடம் ஒற்றுங்கள். ஒரு நாள் முழுக்க நெற்றி ஓரத்தில் தலை எண்ணெய், மஞ்சள், எலுமிச்சை, வகிட்டுக் குங்குமம் எதுவும் படக் கூடாது.

சிவப்பும் சிறு தடிப்பும் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். சீழ் கட்டினாலோ வலி கூடினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். இப்போது நிற்கும் கருமை, புண் ஆறிய தடம். காலையில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன், இரவில் 10% அசிலாயிக் ஆசிட் க்ரீம் போடுங்கள். தாய்ப்பால் கொடுக்கும்போதும் போடலாம், குழந்தையின் வாயில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறைய சில மாதம் ஆகும், அது மறையும்வரை திரெட்டிங் வேண்டாம். கடையில் யாரோ கொடுத்த 'வெள்ளையாக்கும்' க்ரீம் எதையாவது போட்டு வந்தீர்களா? பலவற்றில் ஸ்டீராய்டும் ட்ரெட்டினாயினும் கலந்திருக்கும். அவை தோலை மெலிய வைக்கும். அந்தத் தோலில் நூல் ஓட்டினால் மேல்தோல் உரிந்து வந்துவிடும். அப்படியென்றால் நிறுத்துவது எப்படி என்று நேரில் வந்து கேளுங்கள். நெற்றியில் தட்டையான மரு இருந்தாலும் நூல் ஓட்டக் கூடாது. நூல் போன வழியெல்லாம் அது பரவும்.

பின்கழுத்துக்கு என் பதில் வேறு: அங்கே திரெட்டிங்கே வேண்டாம். அங்கே முடி சற்றுத் தடித்து வளைந்து வளரும், தோலையும் சரியாக இழுத்துப் பிடிக்க வராது. அதனால் முடி வேரோடு வராமல் தோல் மட்டத்தில் ஒடிந்து, மீண்டும் வளரும்போது உள்பக்கமாகச் சுருண்டு குத்தும். செயின், ரவிக்கைக் கழுத்து உரசல் அதை இன்னும் புண்ணாக்கும். ட்ரிம்மரை முடி வளரும் திசையிலேயே, தோலை அழுத்தாமல் ஓட்டுங்கள்; மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். அந்தக் கழுத்துத் தோலே வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அது திரெட்டிங்கால் வந்ததல்ல, சர்க்கரை நோய்க்கான முன்னறிகுறியாக இருக்கலாம். வெறும் வயிற்றில் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.