ஜாமீன் கையெழுத்து கேட்கிறார், எப்படி மறுப்பது?

கேள்வி: எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அக்கா, மாதக் கடைசி ஆனால் ஐநூறு, ஆயிரம் என்று கைமாத்து கேட்பார். அப்படியே 14,500 ரூபாய் நிற்கிறது. இப்போது ஊழியர் கூட்டுறவுச் சங்கத்தில் 3 லட்சம் லோனுக்கு ஜாமீன் போடச் சொல்கிறார். முடியாது என்றால் ஆபீஸில் ஒதுக்கிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: ஜாமீன் போடாதீர்கள். “பேருக்கு ஒரு கையெழுத்துதானே” என்பார், அது அப்படியில்லை. 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவர் தவணை கட்டாமல் விட்டால் சங்கம் உங்கள் சம்பளத்தில் பிடிக்கலாம், முதலில் அவரிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. லோன் பணம் கைக்குப் போனபிறகு மனசு மாறி விலகவும் முடியாது. 14,500 ரூபாயே திரும்பி வராத இடத்தில் 3 லட்சத்துக்கு எதை நம்பிப் போடுவீர்கள்?

சொல்லும்போது காரணம் தேடாதீர்கள். “வீட்டுக்காரர் ஒத்துக்கமாட்டார்” என்றால் நானே பேசுறேன் என்பார், “இந்த மாசம் கஷ்டம்” என்றால் அடுத்த மாசம் வந்து நிற்பார். தனியாக இருக்கும்போது, “அக்கா, ஜாமீன் கையெழுத்து நான் யாருக்கும் போடுறதில்லை” என்று மட்டும் சொல்லுங்கள். “என்மேல நம்பிக்கை இல்லையா?” என்று நிச்சயம் கேட்பார். அதற்கும், “நம்பிக்கை இருக்குக்கா, ஆனா கையெழுத்து போடுறதில்லை” என்பதே பதில். அதன்பிறகு வரும் மௌனத்தை நிரப்ப அவசரப்பட்டு “வேணும்னா ஐயாயிரம் தர்றேன்” என்று சொல்லிவிடாதீர்கள், பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

அப்புறம் பழைய பாக்கி. ஜிபே வரலாற்றில் பணம் போனது தெரியும், அது கடன் என்று தெரியாது. அதனால் வாட்ஸ்அப்பில் கணக்கை எழுதி, “மொத்தம் 14,500 வருதுக்கா, சம்பள நாளில் 1,500 வீதம் கொடுத்தா பத்து மாசத்தில் முடிஞ்சுடும்” என்று அனுப்புங்கள். “சரி” என்று அவர் பதில் போட்டால் அதை அழித்துவிடாமல் வையுங்கள். இப்படிக் கைமாத்தாகக் கொடுத்த பணத்துக்கு, கொடுத்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள்தான் வழக்குப் போட முடியும், கோர்ட்டுக்குப் போகும் எண்ணமே இல்லாவிட்டாலும் கணக்கு எழுத்தில் இருக்கட்டும். நடுவில் ஐநூறு கேட்டால், பழசு முடியட்டும் அக்கா.

அவர் வேலை கற்றுக்கொடுத்ததற்கு நன்றி இருக்க வேண்டியதுதான், அதை வேலையிலேயே காட்டுங்கள். அவர் லீவு போடும் நாளில் அவருடைய ஃபைல்களைப் பாருங்கள். சில வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டார், தாங்கிக்கொள்ளுங்கள். வேலையில் வஞ்சம் காட்டினால் அது மேலதிகாரியிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

இன்னொன்று, சம்பளச் சீட்டு, பான் கார்டு ஜெராக்ஸை “சும்மா பார்த்துட்டுத் தர்றேன்” என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் நாளைக்கே சங்க அலுவலகத்துக்குப் போய், இந்த லோனுக்கு நான் ஜாமீன் இல்லை என்று எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வந்துவிடுங்கள்.