வயல் மீத்தேன்: 27 மடங்கா, 80 மடங்கா?

கேள்வி: குறுவை, சம்பா இரண்டும் நடுகிறேன். நெல் வயலில் கிளம்பும் மீத்தேன் கரியமில வாயுவைவிட 27 மடங்கு சூடு தரும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகன் 80 மடங்கு என்கிறான். எது சரி? டிராக்டர், டீசல் எஞ்சின் புகையை விட்டுவிட்டு எங்கள் வயலை ஏன் பிடிக்கிறார்கள்?
– ஒரு விவசாயி, நன்னிலம் வட்டம்

பதில்: இரண்டு கணக்கும் சரிதான். எத்தனை வருடத்துக்கான கணக்கு என்று சொல்லாமல் விட்டதால் வந்த குழப்பம் இது. ஒரு கிலோ மீத்தேன் அடுத்த 20 வருடத்தில் பிடித்து வைக்கும் வெப்பத்தை ஒரு கிலோ கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் சுமார் 80 மடங்கு வரும். அதையே 100 வருடத்துக்குப் பார்த்தால் 27 மடங்குதான்.

மீத்தேனின் ஆயுள் குறைவு. காற்றில் சராசரியாக 12 வருடம்தான் நிற்கும். இன்று போனதில் 20 வருடம் கழித்து ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. கரியமில வாயு அப்படி இல்லை. கடலும் மரம் செடிகளும் கொஞ்சம் இழுத்துக்கொண்ட பிறகும், 100 வருடம் கழித்து ஏறக்குறைய 40 சதவீதம் மிச்சம் இருக்கும். அதில் ஒரு பகுதி ஆயிரம் வருடம் தாண்டியும் போகாது. ஒன்று வைக்கோல் தீ, இன்னொன்று உமித் தீ.

உங்கள் வயலுக்கே கணக்குப் போடுவோம். தண்ணீர் தொடர்ந்து நிற்கும் நெல் வயலில் ஹெக்டேருக்கு ஒரு நாளைக்கு 0.85 கிலோ மீத்தேன் என்பது தெற்காசியாவுக்கு ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. தந்திருக்கும் பொது அளவு. ஏக்கருக்கு இது 350 கிராமுக்குச் சற்றுக் குறைவு. நடவிலிருந்து அறுவடை வரை 85 நாள் என்றால் குறுவைக்கு ஏக்கருக்கு சுமார் 30 கிலோ. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ கரியமில வாயு. ஆக, 100 வருடக் கணக்கில் உங்கள் ஒரு ஏக்கர் குறுவை 300 லிட்டர் டீசலுக்குச் சமம். 20 வருடக் கணக்கில் 900 லிட்டர். ஒரு ஏக்கருக்கு நீங்கள் அவ்வளவு டீசல் ஊற்றப்போவதில்லை. வயலைப் பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் உங்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. அதே பரப்பில் வருடா வருடம் நட்டால், புதிதாகப் போகும் மீத்தேனுக்கு ஈடாகப் பழையது அழிந்துகொண்டே வரும். அளவு ஒரு மட்டத்தில் நிற்கும், மேலே மேலே ஏறாது. டீசல் புகை அப்படியல்ல. இந்த வருடத்தது போன வருடத்து மிச்சத்தின் மேல் ஏறி உட்காரும். அதனால் மீத்தேனைக் குறைத்தால் பத்து இருபது வருடத்துக்குள்ளேயே பலன் தெரியும். கரியமில வாயுவைக் குறைத்தாலோ ஏறும் வேகம்தான் குறையும். ஏற்றம் நிற்க வேண்டும் என்றால் அது அறவே நின்றாக வேண்டும். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட முடியாது. உங்கள் வயலில் மிச்சமாகும் மீத்தேனைக் கணக்குக் காட்டி ஒருவர் டீசலைத் தொடர்ந்து எரித்தால், ஐம்பது வருடம் கழித்து உங்கள் மிச்சத்தின் பலன் பெரும்பாலும் கரைந்திருக்கும், அவர் புகை மட்டும் மேலே இருக்கும். உங்கள் மிச்சத்துக்குக் காசு தருகிறோம், கார்பன் கிரெடிட் என்று யாராவது வந்தால் இதை மனதில் வையுங்கள்.

சரி, குறைப்பது எப்படி? தண்ணீர் நிற்கும் மண்ணில் காற்று போகாது. அப்படிப்பட்ட சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் மீத்தேனை உண்டாக்குகின்றன. அது பெரும்பாலும் நெல் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகவே மேலே வருகிறது. நடுவில் மண் கொஞ்சம் காற்று வாங்கினால் உற்பத்தி தடைபடும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நாம் சொல்வது இதைத்தான். ஒரு அடி நீள பிவிசி குழாயின் கீழ்ப்பகுதியில் துளை போட்டு, முக்கால் பாகம் மண்ணில் புதைத்து, உள்ளே இருக்கும் சேற்றை எடுத்துவிடுங்கள். நட்டு இரண்டு வாரம் ஆன பிறகு, குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்திலிருந்து 15 செ.மீ. கீழே இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில், முன்னும் பின்னும் ஒரு வாரம், காயவிடாதீர்கள், பதர் விழும். ஒழுங்காகச் செய்தால் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகும்.

யூரியாவில் மட்டும் கவனம். காய்ந்து நனையும் மண்ணில் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். அது 100 வருடக் கணக்கிலேயே கரியமில வாயுவைவிட 270 மடங்கு. ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து, தண்ணீர் பாய்ச்சுவதற்குச் சற்று முன்பு போட்டு உடனே பாய்ச்சுங்கள்.

இதெல்லாம் குறுவைக்கு. சம்பாவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வடிகாலே நிரம்பி நிற்கும்போது வயலைக் காயப்போட வழியில்லை. அங்கே கைக்குள் இருப்பது குறுவை வைக்கோல்தான். தண்ணீரைக் கட்டிப் பச்சையாக மடக்கி உழுதால் அதுவே மீத்தேனுக்குத் தீனி. கட்டுக்கட்டி வெளியே எடுத்துவிடுங்கள், அல்லது அறுத்த கையோடு ஈரம் குறைவாக இருக்கும்போதே உழுது, நடவுக்கு முன் எத்தனை நாள் கிடைக்கிறதோ அத்தனை நாள் மக்கவிடுங்கள்.