போலீஸ் சான்றிதழில் ஒன்றும் இல்லை. அப்புறம் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: வார இறுதியில் பிள்ளைகளுக்கு டியூஷன் வகுப்பு நடத்துகிறேன். சில ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். எல்லாரிடமும் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கி ஃபைலில் வைத்திருக்கிறேன். புதிதாக ஒரு கணக்கு ஆசிரியர் வரப்போகிறார், அவர் சான்றிதழிலும் எந்தக் குறையும் இல்லை. இது போதுமா? குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி என்கிறார்களே, அதில் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

போதாது. சான்றிதழைக் கட்டாயம் வாங்குங்கள், ஆனால் அது சொல்வது இவ்வளவுதான்: இந்தப் பெயரில், அந்தக் காவல்துறை தேடிப் பார்த்த பதிவேடுகளில், அந்தத் தேதிவரை பாதகமாக எதுவும் இல்லை. வேறு நாட்டில் நடந்தது அதில் வராமல் போகலாம். பெயர் மாறியிருந்தால் வராமல் போகலாம். மறுநாள் நடப்பது வரவே வராது. இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர்களில் பெரும்பாலானோர் தண்டனை வாங்கியதே இல்லை. பிள்ளை வெளியே சொல்லியிருக்காது. சொல்லியிருந்தாலும் குடும்பம் பேச்சை அடக்கியிருக்கும். இல்லையென்றால் பள்ளி அவரைச் சத்தமில்லாமல் ராஜினாமா செய்யவைத்து, கையில் ஒரு நல்ல கடிதமும் கொடுத்து அனுப்பியிருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு இங்கிலாந்தின் சோஹாம் வழக்கைப் பாருங்கள். 2002 ஆகஸ்டில் அந்த ஊரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்ற இயன் ஹன்ட்லி, அங்கே ஒரு பள்ளியில் பராமரிப்பாளராக இருந்தவர். (அந்தச் சிறுமிகள் படித்தது வேறு பள்ளியில்.) அவருக்கு எப்படி அந்த வேலை கிடைத்தது என்பதை ஆராய்ந்த பிச்சார்ட் விசாரணை 2004இல் அறிக்கை தந்தது. முன்பு அவர் வசித்த ஹம்பர்சைடு பகுதியில் பாலியல் குற்றம் தொடர்பாக அவர்மேல் பல புகார்கள் வந்திருந்தன. ஒன்றில்கூடத் தண்டனை இல்லை. அங்கிருந்த காவல்துறை அந்தத் தகவல்களை ஒழுங்காகப் பதிந்து வைக்கவும் இல்லை. வேலைக்கு அவர் நிக்சன் என்ற பெயரில் விண்ணப்பித்தார். ஹன்ட்லி என்ற பழைய பெயரும் தெரிவிக்கப்பட்டிருந்தது, ஆனாலும் தேடல் நிக்சன் பெயரில் மட்டுமே நடந்தது. பள்ளியும் அவர் கொண்டுவந்த கடிதங்களை அப்படியே ஏற்றுக்கொண்டது. வேலை வரலாற்றில் இருந்த இடைவெளிகளைத் துருவிக் கேட்கவில்லை. பெயர், இடைவெளி, கடிதம் ஆகிய மூன்றையும் எந்தச் சிறிய வகுப்பு நடத்துபவரும் தானே சரிபார்க்கலாம். காவல்துறை தேவையில்லை, பெரிய செலவும் இல்லை.

உங்கள் கணக்கு ஆசிரியரிடமே வருவோம். முதலில், அவர் தரும் பயோடேட்டாவை வைத்து முடிவு செய்யாதீர்கள். பயோடேட்டாவில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது அவர் கையில் இருக்கிறது. நீங்களே ஒரு படிவம் தயாரித்து நிரப்பச் சொல்லுங்கள். இதுவரை பயன்படுத்திய எல்லாப் பெயர்களும், படிப்பு முடிந்ததிலிருந்து இன்றுவரை எந்த மாதம் எங்கே இருந்தார், ஒவ்வொரு வேலையையும் ஏன் விட்டார் என்பதும் அதில் இருக்கட்டும். பிள்ளைகள் தொடர்பாகப் புகாரோ விசாரணையோ எப்போதாவது இருந்ததா என்ற கேள்வியும், இவற்றையெல்லாம் நீங்கள் சரிபார்க்கச் சம்மதம் என்ற வரியும் கையெழுத்துக்கு மேலே வர வேண்டும். அடையாள அட்டை, பட்டச் சான்றிதழ் இரண்டின் அசலையும் வாங்கிப் பாருங்கள். போலீஸ் சான்றிதழில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும் அவற்றோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

ஒரு பேச்சுக்கு, அவர் நிரப்பிய படிவம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பள்ளியில் 2016 ஜூன் முதல் 2019 நவம்பர் வரை. பிறகு ஏழு மாதம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு டியூஷன் மையம், இப்போது வீட்டில் தனியாகப் பாடம் எடுக்கிறார். பரிந்துரைக்கு இரண்டு பெயர் தந்திருக்கிறார்: பழைய பள்ளியில் உடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர், டியூஷன் மையத்தில் ஒருவர். பள்ளி கொடுத்த கடிதமும் இருக்கிறது, 'சம்பந்தப்பட்டவருக்கு' என்று பொதுவாக எழுதியது.

இதில் கேட்க வேண்டியது மூன்று இருக்கிறது. கல்வியாண்டு முடியும்வரை காத்திராமல் நடுவிலேயே ஒருவர் ஏன் பள்ளியை விட்டுப் போனார்? அந்த ஏழு மாதம் என்ன செய்தார்? தலைமையாசிரியரின் பெயரை விட்டுவிட்டு ஏன் நண்பரின் பெயரைத் தந்தார்? மூன்றுக்கும் நியாயமான பதில் இருக்கலாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போயிருக்கலாம். நேர்முகத்தில் இயல்பாகக் கேளுங்கள், சொன்ன பதிலை அன்றைக்கே எழுதி வையுங்கள். பிறகு அந்தப் பதில் உண்மைதானா என்று வேறு வழியில் பாருங்கள்.

அந்த வழி தொலைபேசிதான். அவர் தந்த செல்பேசி எண்ணில் கூப்பிடாதீர்கள். எதிர்முனையில் யார் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. பள்ளியின் அலுவலக எண்ணை நீங்களே தேடி எடுத்து, தலைமையாசிரியரைக் கேளுங்கள். "ஆசிரியர் எப்படி?" என்று கேட்டால் "நல்லவர்தான்" என்று பதில் வரும், பேச்சு முடிந்துவிடும். நேராகக் கேளுங்கள்: "எங்கள் வகுப்பில் இவர் பிள்ளைகளோடு தனியாக இருக்க வேண்டியிருக்கும். பிள்ளைகளிடம் நடந்துகொண்ட விதம் பற்றி இவர்மேல் எப்போதாவது புகாரோ எச்சரிக்கையோ வந்திருக்கிறதா? திரும்பவும் வேலைக்கு எடுப்பீர்களா?" இந்தக் கடைசிக் கேள்விக்கு முன்னால் வரும் மௌனத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். "எங்களிடம் வேலை பார்த்த தேதிகளை மட்டும்தான் சொல்வோம்" என்றால் அதை வைத்துக் குற்றம் என்று முடிவு கட்ட முடியாது, சில நிறுவனங்களின் வழக்கமே அதுதான். ஆனால் அதை நல்ல பதிலாகவும் கணக்கில் சேர்க்காதீர்கள். பிள்ளைகளோடு அவர் வேலை பார்த்த இன்னொரு இடத்தில் விசாரியுங்கள். பேசி முடித்ததும் யாரிடம், எந்தத் தேதியில் பேசினீர்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதி ஃபைலில் வையுங்கள். எந்த இடத்திலும் தெளிவான பதில் கிடைக்கவில்லையா? அவரை எடுக்காதீர்கள். கணக்குக்கு ஆள் இல்லாமல் ஒரு மாதம் ஓட்டலாம்.

இதெல்லாம் முடியும்வரை அவர் பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது. 'சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது, இவர் இல்லாமல் முடியாது' என்ற அவசரத்தில்தான் பெரும்பாலும் இந்த விதி தளர்கிறது. தன்னார்வலர்களுக்கும் இதே அளவுகோல்தான். சம்பளம் வாங்குகிறாரா என்பது பொருட்டே இல்லை. பிள்ளையோடு தனியாக இருக்க வாய்ப்பு உண்டா, அடிக்கடி வருவாரா என்பதைப் பாருங்கள். ஒரே ஒருநாள் வந்து பேசிவிட்டுப் போகும் விருந்தினருக்கு முழுச் சரிபார்ப்பு வேண்டாம், உங்கள் ஆள் ஒருவர் கூடவே இருந்தால் போதும்.

சரி, பயிற்சி. வீடியோ ஒன்றைப் பார்க்கவைத்துச் சான்றிதழ் அச்சடித்துத் தருவதை நான் பயிற்சி என்று சொல்ல மாட்டேன். உங்கள் அளவிலான இடத்துக்கு, வேலையில் சேருவதற்கு முன் ஓர் அரை நாள் உட்கார்ந்து பேசுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் பேசுங்கள். அந்த நேரத்தில் பெரும்பகுதியை இரண்டு விஷயங்களுக்குக் கொடுக்கலாம்.

ஒன்று, ஒரு பிள்ளை வந்து சொல்லும் அந்த நிமிடம். "ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்றுதான் பல பிள்ளைகள் ஆரம்பிப்பார்கள். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டால் பிறகு அந்த வாக்கை மீற வேண்டிவரும். "உனக்கு உதவக்கூடிய ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று முதலிலேயே சொல்லப் பழக்குங்கள். "அவர் உன்னைத் தொட்டாரா?" என்பது பதிலை நாமே பிள்ளையின் வாயில் வைக்கிற கேள்வி, பிற்பாடு விசாரணையில் அது பிள்ளையின் சொல்லையே பலவீனமாக்கும். "என்ன நடந்துச்சு, சொல்லு" என்பதோடு நிறுத்த வேண்டும். பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் சொற்களிலேயே அன்றே எழுதி, நேரம், தேதி, கையெழுத்து போட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது. அது அவரை உஷார்படுத்துவதில் முடியும், பிள்ளைக்கு மிரட்டல் வரும். இதைச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது. இருவர் இருவராகப் பிரித்து, ஒருவரைப் பிள்ளையாக நடிக்கவைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். உதவப் போகும் நல்ல மனிதர்களே முதல் தடவை மூன்று தவறான கேள்விகள் கேட்பார்கள்.

இன்னொன்று, சின்னதாகத் தெரியும் விஷயங்களைச் சொல்வது. ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு, ராத்திரியில் தனியாக மெசேஜ், வீட்டுக்கு வரச்சொல்லி இலவச வகுப்பு, வண்டியில் தனியாகக் கொண்டுவிடுவது, "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்ற பேச்சு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் குற்றமாகத் தெரியாது; பெற்றோருக்கு நன்றியுணர்ச்சிகூட வரும். பிள்ளையை வசப்படுத்துபவர் முதலில் பெரியவர்களைத்தான் வசப்படுத்துகிறார். அதனால் இவற்றை விதியாகவே எழுதிவிடுங்கள்: பிள்ளைகளோடு தனிச் செய்தி கூடாது, பெற்றோரும் இருக்கும் குழுவில் மட்டும் பேசலாம், கதவு திறந்திருக்க வேண்டும், தனியாக வண்டியில் ஏற்றக் கூடாது. விதி இருந்தால், அதை மீறியதைப் பார்த்த தன்னார்வலர் யார்மேலும் பழி சுமத்தாமல் "இது நடந்தது" என்று சொல்லிவிடலாம். ஒரே ஆள்மேல் இப்படி மூன்று குறிப்புகள் ஒரே நோட்டில் சேரும்போது உங்களுக்கு ஏதோ புரியும்.

யாரிடம் சொல்வது என்பதும் பெயரோடு தெரிந்திருக்க வேண்டும். ஒருவரைப் பொறுப்பாளராக நியமியுங்கள். புகார் அவர்மேலேயோ உங்கள்மேலேயோ வந்தால் போக வேண்டிய வெளி ஆள் ஒருவரின் எண்ணையும் சுவரில் ஒட்டுங்கள். காவல்துறைக்கோ குழந்தைநல அமைப்புக்கோ தெரிவிப்பது பல நாடுகளில் சட்டக் கடமை. இந்தியாவின் 2012 போக்சோ சட்டத்தில் 19ஆம் பிரிவு எல்லாரையும் அதற்குக் கட்டுப்படுத்துகிறது. 'நாங்களே உள்ளுக்குள் விசாரித்துக்கொள்கிறோம்' என்பதற்கு அங்கே இடமில்லை. பயிற்சி பிடித்ததா என்று பார்க்க, ஒரு மாதம் கழித்து ஏதாவது ஒரு தன்னார்வலரிடம் நடந்துகொண்டே கேளுங்கள்: "நாளைக்கு ஒரு பிள்ளை உங்களிடம் வந்து சொன்னால் யாரைக் கூப்பிடுவீர்கள்?" யோசித்தாரென்றால், அந்தப் பகுதியை எல்லாருக்கும் மறுபடி நடத்துங்கள்.

கடைசியாக, உங்களிடமிருந்து ஒருவர் புகாரோடு விலகும் நாளும் வரலாம். அப்போது "நல்லபடியாகப் பணியாற்றினார்" என்று எழுதிக் கொடுத்து அனுப்பாதீர்கள். அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே, பிள்ளையிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்தார் என்று தெரிந்த ஊழியருக்கு வேறு வேலை கிடைக்கப் பள்ளிகள் உதவுவதைத் தடுக்கிறது; அந்தப் பழக்கம் அவ்வளவு பரவலாக இருந்தது. ராஜினாமா செய்துவிட்டாரே என்று விசாரணையைக் கைவிடாமல் முடித்து, முடிவைத் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த மாதம் இன்னொரு வகுப்பு நடத்துபவர் உங்களைக் கூப்பிட்டு "திரும்பவும் எடுப்பீர்களா?" என்று கேட்டால், அந்தத் தாளைப் பார்த்து, அதில் உறுதியானதை மட்டும் சொல்லுங்கள்.